குரல் ஓரிடம், வெயில் ஓரிடம்: நகர டைம்லேப்ஸுக்குப் பேசும்போது வரும் கோளாறுகள்

நகரத்தின் ஒரு முழு நாளை நான்கு நிமிடமாகச் சுருக்கிய டைம்லேப்ஸ் வீடியோ. படம் நன்றாக இருக்கிறது, எழுதிய வரிகளும் நன்றாக இருக்கின்றன. ஆனால் இரண்டையும் சேர்த்து ஓட்டினால் ஏதோ ஒட்டவில்லை. இந்த நிலையில் பலரும் முதலில் குரலைக் குறை சொல்வார்கள், அடுத்து மைக்கை மாற்றுவார்கள். கோளாறு பெரும்பாலும் கணக்கில்தான் இருக்கும். எந்த இடத்தில் ஒட்டவில்லை, எப்படி ஒட்டவில்லை என்று பார்த்தாலே காரணத்தைப் பிடித்துவிடலாம்.

எல்லாவற்றுக்கும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். காலை 5 மணிக்குத் தொடங்கி இரவு 9 மணிவரை, 10 நொடிக்கு ஒரு படம். 16 மணி நேரத்துக்கு 5,760 படங்கள். நொடிக்கு 24 ஃப்ரேம் என்று ஓட்டினால் சரியாக 240 நொடி. அதாவது வீடியோவில் ஒரு நொடி என்பது ஊரில் 4 நிமிடம். ஊரில் ஒரு மணி நேரம் என்பது வீடியோவில் 15 நொடி. உங்கள் வீடியோவுக்கு இந்த எண் வேறாக இருக்கும். அதைக் கணக்கிட்டு ஸ்கிரிப்டின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். கீழே வரும் எல்லாப் பிரச்சினைக்கும் அது தேவைப்படும்.

அறிகுறி: விடியல் வரி எப்போதும் தாமதமாகவே கேட்கிறது

இதுதான் அடிக்கடி வருவது. சூரியன் தெரியும் ஃப்ரேமில்தான் வரியை வைத்திருக்கிறீர்கள். ஆனால் கேட்கும்போது சூரியன் மேலே போன பிறகு குரல் வந்து சேர்கிறது.

காரணம் இரண்டு. முதலாவது, சூரியன் நாம் நினைப்பதைவிட வேகமாக ஏறுகிறது. பூமி 4 நிமிடத்துக்கு ஒரு பாகை சுழல்கிறது. நம் கணக்கில் 4 நிமிடம் என்பது வீடியோவில் ஒரு நொடி. சூரிய வட்டத்தின் அகலமோ ஏறக்குறைய அரைப் பாகை. நிலநடுக்கோட்டை ஒட்டிய இடங்களில், விளிம்பு தெரிவதில் தொடங்கி முழு வட்டமும் மேலே வருவதற்கு வீடியோவில் அரை நொடிதான் ஆகிறது. துருவங்களை நோக்கிப் போகப் போக சூரியன் சாய்ந்து ஏறுவதால் இந்த நேரம் கூடும். அப்போதும் ஒரு நீண்ட வாக்கியம் அதற்குள் அடங்காது.

இரண்டாவது காரணம் தமிழ் வாக்கியத்தின் அமைப்பு. அடைமொழிகள் முன்னால் வரும், வினை கடைசியில் வரும். வாக்கியத்தின் தொடக்கத்தைக் காட்சியின் தொடக்கத்தோடு பொருத்தினால், முக்கியமான சொல் காட்சி முடிந்த பிறகுதான் வாயிலிருந்து வரும். இந்த வரியைப் பாருங்கள்:

"கிழக்கில் உயர்ந்து நிற்கும் கட்டடங்களுக்குப் பின்னாலிருந்து சூரியன் மெல்ல எட்டிப் பார்க்கிறது."

இதன் நேரத்தை அளக்கச் சொற்களை எண்ணாதீர்கள். தமிழில் ஒரு சொல் இரண்டு எழுத்தாகவும் இருக்கும், பன்னிரண்டு எழுத்தாகவும் இருக்கும். புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிட்டு மற்றவற்றை எண்ணுங்கள். இந்த வரியில் 30. நிதானமாகப் பேசுகிறவர் நொடிக்கு 5 எழுத்து சொல்கிறார் என்று வைத்தால் 6 நொடி. உங்கள் வேகத்தை நீங்களே அளந்துகொள்ளலாம்: எழுத்துகளை எண்ணி வைத்த ஒரு பத்தியை, ஸ்டாப்வாட்ச் ஓட, உரக்கப் படித்தால் போதும்.

நம் படத்தில் சூரியன் தெரிவது காலை 6:05. வீடியோவில் அது 16.25-ஆவது நொடி. அந்த ஃப்ரேமிலேயே வரியைத் தொடங்கினால், "சூரியன்" என்ற சொல்லுக்கு முன்னால் 19 எழுத்துகள் இருக்கின்றன. 20-ஆவது நொடியில்தான் அது காதில் விழும். வாக்கியம் முடியும்போது 22.25. அதாவது ஊரில் மணி 6:29. சூரியன் எட்டிப் பார்த்து முடித்து, நன்றாக மேலே ஏறி, கட்டடங்களின் முகப்பில் வெயில் இறங்கிக்கொண்டிருக்கும். "மெல்ல" என்ற சொல் இன்னும் மோசம், ஏனென்றால் திரையில் எதுவும் மெல்ல நடக்கவில்லை.

சரிசெய்யும் வழி, வாக்கியத்தைப் பின்னாலிருந்து எண்ணி வைப்பது. எந்தச் சொல் வெளிச்சத்தோடு சேர்ந்து விழவேண்டுமோ, அதை முதலில் தேர்ந்தெடுங்கள். அந்தச் சொல்லை ஃப்ரேமில் வைத்துவிட்டு, அதற்கு முன்னால் இருக்கும் எழுத்துகளின் அளவுக்குப் பின்னோக்கிப் போய், அங்கே வரியைத் தொடங்குங்கள். வினை இல்லாமல் பெயரிலேயே முடியும் வாக்கியம் இதற்கு ரொம்பப் பொருத்தம்.

அதே இடத்துக்கு இன்னொரு வரி: "விளக்குகள் அணைந்த கையோடு, கிழக்கே சூரியன்." மொத்தம் 16 எழுத்து. "சூரியன்" என்பதற்கு முன்னால் 13 எழுத்து, அது 2.6 நொடி. காற்புள்ளியில் ஒரு சின்ன நிறுத்தம் சேர்த்து 2.9 என்று வையுங்கள். சொல்லைவிடப் படம் கால் நொடி முந்தியிருந்தால் நல்லது. கண் முதலில் பார்த்து, காது அதை உறுதி செய்யும். குரல் முந்தினால் பார்ப்பவர் அறிவிப்பைக் கேட்டுவிட்டுக் காத்திருப்பார். எனவே "சூரியன்" விழவேண்டியது 16.5-இல். வரி தொடங்கவேண்டியது 13.6-இல்.

இதில் இன்னொன்றும் சேர்ந்து அமைகிறது. நம் படத்தில் தெருவிளக்குகள் அணைவது 5:55-க்கு, வீடியோவில் 13.75. ஒரே ஃப்ரேமில் எல்லாம் அணையும். அப்போது குரல் "விளக்குகள்" என்ற சொல்லில் நிற்கிறது. ஒரே வரி இரண்டு மாற்றங்களைத் தொடுகிறது, வேறெதுவும் செய்ய வேண்டியதில்லை. இப்படி ஒரு இணை கிடைக்கிறதா என்று விடியலிலும் அந்தியிலும் கட்டாயம் தேடிப் பாருங்கள். ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தி, ஒரே நொடியில் நடந்து முடியும் மாற்றங்களைக் குறித்துக்கொண்டு, அதற்குப் பிறகு வரி எழுதுங்கள். வரியை முன்னாலேயே எழுதிவிட்டு இடம் தேடினால் இது அமையாது.

ஊரில் விளக்கு அணைந்து பத்து நிமிடம் கழித்துத்தான் சூரியன் வந்தது, "கையோடு" என்று சொல்லலாமா? திரையின் நேரத்தில் இரண்டரை நொடி இடைவெளிதான், அதனால் சொல்லலாம். ஆனால் ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும்: உங்கள் குரல் ஊரின் நேரத்தில் பேசுகிறதா, திரையின் நேரத்தில் பேசுகிறதா? ஒரு வரியில் "சட்டென்று", அடுத்த வரியில் "மணிக்கணக்காக" என்று வந்தால் பார்ப்பவருக்குக் குழப்பம்தான். என் விருப்பம், வெளிச்சத்தைப் பற்றிய வரிகள் திரையின் நேரத்திலும், மனிதர்களைப் பற்றிய வரிகள் ஊரின் நேரத்திலும் இருப்பது. அதன் காரணம் அடுத்த அறிகுறியில் வருகிறது.

அறிகுறி: குரல் சொல்லும் ஆள் திரையில் இல்லை

"ஒரு பெண் அவசரமாகச் சாலையைக் கடக்கிறாள்" என்று குரல் சொல்கிறது. பார்ப்பவர் தேடுகிறார். யாரையும் காணோம். அந்தப் பெண் உண்மையில் கடந்தவர்தான். ஆனால் 15 மீட்டர் அகலச் சாலையைக் கடக்க ஒருவருக்கு ஏறத்தாழ 10 நொடி ஆகும். நம் இடைவெளியும் 10 நொடி. ஒரு படத்தில், மிஞ்சிப் போனால் இரண்டில், அவர் இருப்பார். திரையில் அது ஒரு நொடியில் 24-இல் ஒரு பங்கு. நடக்கிறவர்கள் எல்லாரும் டைம்லேப்ஸில் அங்கும் இங்கும் துள்ளும் புள்ளிகள்தான். யாரையும் கண் தொடர முடியாது.

நின்றுகொண்டிருப்பவர் கதை வேறு. பேருந்து நிறுத்தத்தில் 12 நிமிடம் காத்திருந்த ஒருவர் திரையில் 3 நொடி அசையாமல் நிற்பார். சுற்றிலும் எல்லாம் ஓட, அவர் மட்டும் தெளிவாகத் தெரிவார். டைம்லேப்ஸ் போகிறவர்களை அழித்துவிட்டுக் காத்திருப்பவர்களைக் காட்டுகிறது. தனி ஆளைப் பற்றிப் பேச ஆசை இருந்தால், காத்திருக்கிறவரைத் தேடிப் பிடியுங்கள்: கடை வாசலில் உட்கார்ந்திருப்பவர், நிறுத்திய வண்டியில் சாய்ந்திருப்பவர், வரிசையில் நிற்பவர். அவர் திரையில் தோன்றும் ஃப்ரேம், மறையும் ஃப்ரேம் இரண்டையும் குறித்துக்கொண்டு அந்த நேரத்துக்குள் வரியை முடியுங்கள். 3 நொடிக்கு 15 எழுத்து. "இவர் யாருக்கோ காத்திருக்கிறார்" என்பது அதற்குள் அடங்கிவிடும். அவ்வளவு போதும்.

நடப்பவர்களைப் பற்றி என்றால் கூட்டமாகப் பேசுங்கள். கூட்டம் நிரம்புவதும் வடிவதும் பல நொடிகள் நீடிக்கும், கண்ணுக்கும் நன்றாகத் தெரியும்.

சிக்னல் உள்ள சந்திப்பு சட்டகத்தில் இருந்தால் இன்னொரு தொல்லை. சிக்னல் ஒரு முழுச் சுற்று வர 2 நிமிடம் எடுத்தால், வண்டிகள் தேங்கி விடுபடுவது திரையில் அரை நொடிக்கு ஒரு துடிப்பாகத் தெரியும். இந்தத் துடிப்பு குரலின் தாளத்தைப் பிடித்து இழுக்கும். சின்னச் சின்ன வாக்கியங்களாக அடுக்கிப் பேசினால் படபடப்பு இரட்டிப்பாகும். அந்த இடத்தில் இடையில் வெட்டில்லாமல் நீளமாக ஓடும் ஒரே வாக்கியத்தை வைத்துப் பாருங்கள். துடிப்பு பின்னால் போய்விடும்.

அறிகுறி: நண்பகல் பகுதி செத்துக் கிடக்கிறது

10 மணி முதல் 3 மணிவரை, வீடியோவில் 75 நொடி. மொத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஆனால் வெளிச்சம் அதிகம் மாறாது. எழுதுகிறவர் பயந்துபோய் "வெயில் கொளுத்துகிறது, சாலை பரபரக்கிறது" என்று திரையில் தெரிவதையே திரும்பச் சொல்லி நிரப்புவார். கேட்பவர் அங்கேதான் விலகிப்போவார்.

நண்பகலை நீளமான வாக்கியங்களுக்கான இடமாக நினைத்துப் பாருங்கள். விடியலிலும் அந்தியிலும் சொல்ல நேரமில்லாத செய்திகளெல்லாம் இங்கே வரட்டும். இந்தச் சாலை எங்கே போகிறது, இந்தக் கட்டடம் முன்பு என்னவாக இருந்தது, இங்கே வேலை செய்பவர்கள் எந்த நேரத்தில் மாறுகிறார்கள். படத்தில் பெரிய மாற்றம் இல்லாததால் காதுக்குக் கவனம் மிச்சமிருக்கும். இதே செய்தியை அந்தியில் சொன்னால் யார் மனதிலும் நிற்காது.

ஆனாலும் ஓரிடத்திலாவது படத்தைத் தொட வேண்டும். அதற்கு நிழலைப் பாருங்கள். காலையில் மேற்குப் பக்கம் விழுந்த நிழல், உச்சிப் பொழுது தாண்டியதும் கிழக்குப் பக்கம் திரும்பும். சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தில் 12 மணிக்குத்தான் என்பதில்லை, இடத்துக்கு இடம் முன்பின் இருக்கும். அதனால் கணக்குப் போடாமல் படத்திலேயே பாருங்கள்: ஒரு கம்பத்தையோ கட்டட மூலையையோ குறி வைத்து, அதன் நிழல் மிகக் குட்டையாக இருக்கும் ஃப்ரேமைத் தேடுங்கள். "இனி நிழல் அந்தப் பக்கம்" என்ற ஒரு சின்ன வரி அந்த ஃப்ரேமில் விழுந்தால், அடுத்த 30 நொடி முழுக்க பார்ப்பவர் நிழலைக் கவனிப்பார்.

மேகம் சிதறிக் கிடக்கும் நாளாக இருந்தால் நண்பகலில் வெளிச்சம் வெட்டி வெட்டி மினுக்கும். ஒரு மேக நிழல் 2 நிமிடத்தில் கடந்தால் திரையில் அரை நொடி. சிலர் இந்தப் பகுதியின் நீளத்தைக் குறைக்க ஒன்றுவிட்டு ஒரு ஃப்ரேமை எடுத்துவிடுவார்கள். மினுக்கல் இரண்டு மடங்காகும். அதைவிட, நடுவில் ஒரு மணி நேரத்தை அப்படியே வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு முனைகளையும் கரைத்து இணைப்பது மேல். எதைச் செய்தாலும் குரல் பதிவுக்கு முன்பே செய்துவிடுங்கள். படத்தின் நீளம் மாறினால், நீங்கள் குறித்து வைத்த எல்லா நொடிகளும் அதற்குப் பிறகு தவறாகிவிடும்.

அறிகுறி: "இருட்டிவிட்டது" என்கிறது குரல், திரையில் இன்னும் வெளிச்சம்

வெளிச்சம் குறையக் குறைய கேமரா எக்ஸ்போஷரைக் கூட்டிக்கொண்டே போகிறது, தானாகவோ நீங்கள் அமைத்தபடியோ. அதனால் கண்ணுக்கு இருட்டாகிவிட்ட நேரத்திலும் படத்தில் வானம் நீலமாக நிற்கும். அன்று மாடியில் நின்று நீங்கள் எழுதி வைத்த குறிப்பு உண்மைதான், ஆனால் இந்தப் படத்துக்கு அது பொருந்தாது. ஒலியை அணைத்துவிட்டு வீடியோவை ஓட்டி, "இப்போது இரவு" என்று உங்களுக்கே தோன்றும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த ஃப்ரேம்தான் கணக்கு.

இன்னொன்று: இருட்டில் ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருப்பதால் வண்டிகள் ஒளிக்கோடுகளாகிவிடும். வருகிறவை வெள்ளைக் கோடு, போகிறவை சிவப்புக் கோடு. அங்கே "வண்டிகள்" என்ற சொல்லே பொருந்தாமல் போகும். வருவது, போவது என்று திசையைச் சொன்னால் படத்தோடு ஒட்டும்.

அறிகுறி: தொடக்கத்தில் சரியாக இருக்கிறது, போகப் போக விலகுகிறது

இதற்கு வரிகளைத் தொடாதீர்கள், குரலையும் திரும்பப் பதியாதீர்கள். விலகல் எப்படி வளர்கிறது என்று மட்டும் பாருங்கள்.

முதலிலிருந்து கடைசிவரை ஒரே அளவு விலகல் என்றால், ஆடியோ துண்டு முழுவதும் இடம் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. நகர்த்தினால் தீர்ந்தது.

விலகல் சீராக வளர்ந்துகொண்டே போனால் ஃப்ரேம் கணக்கு மாறியிருக்கிறது. படங்களை வரிசையாக எடிட்டிங் மென்பொருளுக்குள் கொண்டுவரும்போது, அது நொடிக்கு 24-க்குப் பதில் 25 என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். அப்போது அதே 5,760 படங்கள் 230.4 நொடியில் முடிந்துவிடும். பிற்பகல் 1 மணிக் காட்சியில் குரல் 4.8 நொடி பிந்தும், கடைசியில் 9.6 நொடி பிந்தும். படத் தொடரின் ஃப்ரேம் எண்ணிக்கையை 24 என்று மாற்றினால் எல்லாம் தன்னிடத்துக்கு வந்துவிடும்.

மாலைவரை எல்லாம் சரி, இருட்டிய பிறகு மட்டும் படம் குரலை விட்டுவிட்டு ஓடுகிறதா? இது கேமராவின் வேலை. ஒரு வழக்கமான நிலையைப் பார்க்கலாம். இரவு 7 மணிக்குப் பிறகு ஒவ்வொரு படத்துக்கும் எக்ஸ்போஷர் 8 நொடி. கேமராவில் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் என்ற வசதி இயங்கிக்கொண்டிருக்கிறது. அது படம் எடுத்த கையோடு, இரைச்சலைக் கழிப்பதற்காக, அதே 8 நொடிக்கு ஷட்டரை மூடி ஒரு கறுப்புப் படம் எடுக்கும். மொத்தம் 16 நொடி. அடுத்த படத்துக்கான 10-ஆவது நொடி வரும்போது கேமரா இன்னும் வேலையில் இருக்கிறது, அதனால் அந்தப் படத்தைத் தவறவிடுகிறது. அடுத்தது 20-ஆவது நொடியில். ஒன்றுவிட்டு ஒரு படம் காணாமல் போகிறது.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். படங்களின் மொத்த எண்ணிக்கையைப் பாருங்கள். 5,760 இருக்கவேண்டிய இடத்தில் 5,400 இருக்கும். இரவுப் படங்கள் சிலவற்றில் பதிவான நேரத்தைப் பார்த்தால் இடைவெளி 20 நொடி என்று நேராகவே தெரிந்துவிடும். விளைவாக 7 மணி முதல் 9 மணிவரையான பகுதி 30 நொடிக்குப் பதில் 15 நொடியில் முடிகிறது. 30 நொடிக்கு எழுதிய வரிகள் பாதியில் நிற்கும்.

அடுத்த முறை எடுக்கும்போது அந்த வசதியை அணைத்துவிட்டு, எக்ஸ்போஷரும் கார்டில் எழுதும் நேரமும் சேர்ந்து இடைவெளிக்குள் அடங்குகிறதா என்று சோதித்துக்கொள்ளலாம். ஏற்கெனவே எடுத்ததற்கு இரண்டு வழி. அந்தப் பகுதியின் வேகத்தைப் பாதியாக்கலாம். ஒவ்வொரு ஃப்ரேமும் இருமுறை வரும், ஒளிக்கோடுகள் சற்றே தட்டுத்தடுமாறும். இல்லையென்றால் இரவுக்கான ஸ்கிரிப்டை 150 எழுத்திலிருந்து 75 எழுத்தாகக் குறைக்கலாம். நான் இரண்டாவதைத்தான் செய்வேன். இரவுப் பகுதியில் படம் தானாகவே கண்ணை இழுத்து வைத்திருக்கும், பேச்சு குறைந்தால் நட்டமில்லை.

அறிகுறி: எல்லாம் பொருந்துகிறது, ஆனால் குரல் அவசரப்படுகிறது

வேகமாக ஓடும் படத்தைப் பார்த்துக்கொண்டே பேசினால் யாருக்கும் வாய் வேகமெடுக்கும். நொடிக்கு 5 எழுத்து என்று அளந்தவர் தன்னை அறியாமல் 7-க்குப் போய்விடுவார். பதியும்போது படத்தைப் பார்க்காதீர்கள். நேரத்தை மட்டும் கண்முன் வைத்து, ஒவ்வொரு வரியையும் தனித்தனித் துண்டாகப் பதியுங்கள். அதோடு யாரும் பேசாத அறையின் அமைதியையும் ஒரு நிமிடம் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். வரிகளுக்கு இடையில் வெறும் மௌனம் வந்தால் குரல் அறுந்து அறுந்து கேட்கும். அந்த அறை ஒலியை அடியில் ஓடவிட்டால் நிறுத்தங்களை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம்.

தெரு ஓசையைப் பின்னணியில் சேர்ப்பதாக இருந்தால், தனியாகப் பிரிந்து கேட்கும் ஹார்ன், கதவு சாத்தும் சத்தம், யாரோ கூப்பிடும் குரல் இவற்றை எடுத்துவிடுங்கள். அவை ஊரின் நேரத்தில் ஒலிக்கும். திரையில் அவற்றுக்கு இணையாக எதுவும் இருக்காது. ஒட்டுமொத்தமான இரைச்சல் மட்டும் மெதுவாக ஓடட்டும்.